காட்சி 14: துரத்தலும் சண்டையும் மறுபடி எழுதப்பட்ட விதம்

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்தையும் அதைச் சூழ்ந்த செம்பனைத் தோட்டங்களையும் களமாகக் கொண்டு எழுதப்பட்ட ஒரு குறும்படத் திரைக்கதையில், துரத்தலும் சண்டையும் சேர்ந்து வரும் ஒரே ஒரு காட்சி எவ்வாறு திருத்தப்பட்டது என்பதை இந்த ஆய்வு விவரிக்கிறது. கதையை எழுதியவர் வேறொருவர். படப்பிடிப்புக்கு முன் திரைக்கதையைப் படித்து, ஒவ்வொரு வரியும் கேமராவின் முன் நிகழக்கூடியதுதானா என்று பார்த்துத் திருத்தித் தருவது மட்டுமே என் பொறுப்பு.

கதையின் சுருக்கம் இது. தோட்டத்தில் பிறந்த சேகர் பல ஆண்டுகள் கோலாலம்பூரில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறான். பதினேழு வயதுத் தம்பி முரளி வட்டிக்குப் பணம் வாங்கி, தன் ஐசி எனப்படும் அடையாள அட்டையை ஈடாகக் கொடுத்திருக்கிறான். கடன் வசூலிக்கும் ராஜன், முரளியின் மோட்டார் சைக்கிளையும் பிடுங்கிக்கொண்டான். பதின்மூன்றாம் காட்சியில் ஒட்டுக்கடை வாசலில் வாய்த்தகராறு முற்ற, சேகர் அந்த மோட்டாரை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குள் பாய்கிறான். அடுத்த காட்சி முதல் வரைவில் பின்வருமாறு இருந்தது.

"காட்சி 14. செம்பனைத் தோட்டம். மாலை. பிறந்து வளர்ந்த மண்ணிலேயே அந்நியனாகிவிட்ட வேதனையுடன் சேகர் மோட்டாரை முறுக்கிக்கொண்டு பறக்கிறான். மூன்று மாதமாக வட்டி வராததால் கோபத்தின் உச்சியில் இருக்கும் ராஜனும் அவன் ஆளும் பிக்கப்பில் புயலாகத் துரத்துகிறார்கள். இந்தத் தோட்டத்தின் ஒவ்வொரு பாதையும் சேகருக்கு அத்துப்படி என்பதால் யாரும் எதிர்பாராத வழியில் திரும்பித் தப்பிக்கப் பார்க்கிறான். ஆனால் கால்வாயின் மேல் இருந்த பழைய பலகைப் பாலம் இப்போது இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. மோட்டாரோடு கால்வாயில் விழுந்து எழுந்து ஓடி மறைந்து நின்று மூச்சு வாங்கும்போது ராஜன் அவனைப் பிடித்துவிட, இருவருக்கும் கடுமையான சண்டை நடக்கிறது. உயிருக்குப் போராடும் சேகர் கடைசி நேரத்தில் கையில் கிடைத்ததை வைத்துத் தாக்கி அவனை வீழ்த்துகிறான். தம்பியின் முகம் கண்ணுக்குள் வர, அடிப்பதை நிறுத்துகிறான்."

சிறுகதையில் வந்திருந்தால் இந்தப் பத்தியைக் குறை சொல்ல அதிகம் இல்லை. திரைக்கதையில் இதன் பலவீனம், குழு உட்கார்ந்து படித்தபோதே வெளிப்பட்டது. இந்தக் காட்சி திரையில் எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டதற்கு உதவி இயக்குநர் ஒரு நிமிடம் என்றார். சண்டைப் பயிற்சியாளர் நான்கு நிமிடம் என்றார். இருவரும் அனுபவம் உள்ளவர்கள்; ஆனால் இருவர் மனத்திலும் ஓடியது வேறு வேறு படம். ஒரே பக்கத்தைப் படித்த இரண்டு பேர் சொல்லும் நேரம் இந்த அளவுக்கு விலகினால், அந்தப் பக்கத்தில் நிகழ்ச்சிகள் எழுதப்படவில்லை, நிகழ்ச்சிகளைப் பற்றிய அபிப்பிராயமே எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற புழக்கக் கணக்கு இங்கே உதவாது. அந்தக் கணக்கு ஆங்கிலத் திரைக்கதையின் பன்னிரண்டு புள்ளி தட்டச்சு எழுத்தையும் அதன் ஓர அளவுகளையும் வைத்து வந்தது. தமிழ்ச் சொற்களின் நீளத்துக்கும் நாம் பயன்படுத்தும் எழுத்துருவுக்கும் அது அப்படியே பொருந்தாது.

முதல் வாக்கியத்தில் சேகர் வண்டி ஓட்டுகிறான் என்பது மட்டுமே கேமராவுக்கு உரியது. அந்நியனாகிவிட்ட வேதனையைக் காட்ட எழுதியவர் முதலில் முன்வைத்த மாற்று, சேகரின் கண் கலங்குகிறது, பல்லைக் கடிக்கிறான் என்பதாக இருந்தது. புதிதாக எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த வழிக்கே போகிறார்கள்: அகத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் முகத்தில் ஓர் அடையாளத்தைத் தேடுகிறார்கள். கண் கலங்குவது படம்பிடிக்கக் கூடியதுதான், ஆனால் அது எதற்காகக் கலங்குகிறது என்பதைக் கேமரா சொல்லாது. ஹெல்மெட் போட்டு, குலுங்கும் மோட்டாரில் போகிறவனின் கண்ணீரை யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒளிப்பதிவாளர் கேட்டதும் நியாயமே. இந்த உணர்வுக்கான இடம் துரத்தல் அல்ல என்று முடிவு செய்து, வரியை நீக்கினோம். சேகர் ஊர் திரும்பும் நான்காம் காட்சியில், தான் பிறந்த லயம் எனும் தொழிலாளர் வரிசை வீடு இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம் மட்டும் புல்லுக்குள் கிடப்பதை அவன் பார்க்கும்படி எழுதியாயிற்று. அந்தக் காட்சி மெதுவானது. அது இந்தச் சுமையைத் தாங்கும்.

மூன்று மாத வட்டியும் அப்படியே நீக்கப்பட்டது. அது தகவல். பார்வையாளருக்கு அது தெரிய வேண்டுமானால் யாராவது அதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், அல்லது ஒரு கணக்கு நோட்டில் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் காட்சியின் உரையாடலில் ராஜனே அதைச் சொல்கிறான், ஆகவே இங்கே திரும்பச் சொல்லத் தேவையில்லை. "புயலாக" என்ற சொல்லும் போயிற்று. வண்டி குழியில் இறங்கி ஏறுவதையும், உள்ளே இருப்பவன் பிடியைப் பற்றிக்கொள்வதையும் எழுதினால் வேகம் தானே புலப்படும்.

அடுத்த வாக்கியத்தில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். ஒருவனுக்கு ஒரு பாதை அத்துப்படி என்பதை எப்படிக் காட்டுவது? அறிவு என்பது கண்ணுக்குத் தெரியாது. அறிவுள்ளவன் மற்றவன் செய்யாத ஒன்றைச் செய்வதோ, மற்றவன் செய்வதற்கு முன்பே செய்வதோ மட்டும் தெரியும். சேகர் முகப்பு விளக்கை அணைத்துவிட்டு அதே வேகத்தில் போகட்டும் என்று ஒளிப்பதிவாளர் சொன்னார். அந்த ஒரு செயலில் இரண்டு காரியம் முடிந்தது. இருட்டில் வெளிச்சமின்றி ஓட்டுபவனுக்குப் பாதை தெரிந்திருக்கிறது என்று பார்வையாளர் தாமாகவே முடிவு செய்வார்கள். அதே சமயம், பின்னால் வரும் பாலம் இல்லாத இடத்தை அவன் ஏன் நேரத்தில் பார்க்கவில்லை என்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. முதல் வரைவில் அவனுடைய திறமைக்கும் விபத்துக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. இப்போது ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது.

இந்த மாற்றம் கலைப் பிரிவுக்கு ஒரு வேலையை உண்டாக்கியது. மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டே ஓட்ட வேண்டும் என்பது சட்டம். எஞ்சின் ஓடும்போது விளக்கும் தானாகவே எரிவதாகவும், அணைக்கும் விசையே இல்லாததாகவும் பல புதிய மோட்டார்கள் வருகின்றன. எழுதியவர் மனத்தில் இருந்தது தம் அண்ணன் மகனின் புதிய வண்டி. விளக்கு விசை உள்ள பழைய கப்சாய் ரகச் சிறிய மோட்டார் என்று திரைக்கதையில் எழுதப்படாமல் இருந்திருந்தால், படப்பிடிப்பு நாளில் நடிகர் அழுத்துவதற்கு விசையே இருந்திருக்காது.

பாதை தெரியும் என்பதற்கு இன்னொரு வரியும் சேர்க்கப்பட்டது. தாழ்ந்து தொங்கும் ஒரு மட்டையைக் கடக்கும்போது சேகர் குனிகிறான். இதில் வரிசையே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மட்டை வருகிறது, சேகர் குனிகிறான் என்று எழுதினால் அவன் பார்த்துக் குனிகிறான். அதை யாரும் செய்வார்கள். சேகர் குனிகிறான், அதன்பின் மட்டை தலைக்கு மேலே கடக்கிறது என்று எழுதினால், அது அங்கே இருக்கும் என்று அவனுக்கு முன்பே தெரியும். இரண்டு வரிகளிலும் உள்ள சொற்கள் ஏறக்குறைய ஒன்றே.

பாலம் இல்லாத விஷயம் வேறு வகைச் சிக்கல். "பாலம் இல்லை", "அவனுக்குத் தெரியாது" ஆகிய இரண்டும் எதிர்மறைகள். இல்லாததைக் கேமரா படம்பிடிப்பதில்லை. இல்லாததன் இடத்தில் இருப்பதையே பிடிக்கிறது. ஆகவே பாலம் இல்லை என்பதற்குப் பதிலாக, இரு கரையிலும் நிற்கும் சிமெண்டுத் தூண்களும் அவற்றுக்கு நடுவே ஓடும் கலங்கிய தண்ணீரும் எழுதப்பட்டன. அவனுக்குத் தெரியாது என்பதைக் காட்ட, அது பார்வையாளருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனவே சேகர் ஊருக்கு வருவதற்கு முன் நிகழும் இரண்டாம் காட்சியில், முரளி அதே தூண்களுக்கு நடுவே கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிக் கடக்கிறான் என்று ஒரு வரி சேர்த்தோம். பதினான்காம் காட்சியில் தூண்கள் மறுபடி திரையில் வரும்போது, பார்வையாளருக்கு நடக்கப்போவது தெரியும், சேகருக்குத் தெரியாது. திடுக்கிட வைப்பதா, பதற வைப்பதா என்ற தேர்வும் இதில் அடங்கியிருந்தது. எழுதியவர் பதற்றத்தைத் தேர்ந்தார். எனக்கும் அதுவே சரியாகப்பட்டது. இருட்டில் ஒருவன் எதிர்பாராமல் பள்ளத்தில் விழுந்தால் பார்வையாளர் கதையை விட்டுவிட்டு என்ன நடந்தது என்று பக்கத்திலிருப்பவரைக் கேட்கத் தொடங்குவார்கள்.

இனி, "விழுந்து எழுந்து ஓடி மறைந்து நின்று மூச்சு வாங்கும்போது" என்ற தொடருக்கு வருவோம். வினையெச்சங்களை இப்படிக் கோத்துக்கொண்டே போவது தமிழுக்கு இயல்பு, கதை சொல்லும்போது அழகும்கூட. ஆனால் திரைக்கதையில் அதற்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு எச்சத்துக்குள்ளும் ஓர் இடமும் ஒரு நேரமும் ஒரு சட்டகமும் ஒளிந்திருக்கின்றன. வாக்கியம் அவற்றை விரித்துக் காட்டாமல் கடைசி வினைக்கு விரைகிறது. விழுந்தது எப்படி, எந்தக் கரையில் எழுந்தான், எவ்வளவு தூரம் ஓடினான், எதற்குப் பின்னால் மறைந்தான் என்பவற்றில் எதுவும் எழுதப்படவில்லை, ஆனால் எல்லாம் எழுதப்பட்டுவிட்டது போன்ற தோற்றம் இருக்கிறது. எச்சங்களை உடைத்து ஒவ்வொன்றையும் முற்றுவினையாக்கினால் விடுபட்டவை தாமே வெளியே வருகின்றன. இந்தத் தொடரை உடைத்தபோது ஒரு பெரிய ஓட்டையே தெரிந்தது: ராஜனோடு வண்டியில் வந்த ஆள் சண்டையில் எங்கே போனான்? முதல் வரைவை எத்தனையோ பேர் படித்திருக்கிறார்கள், யாரும் அவனைத் தேடவில்லை. "பிடித்துவிட, சண்டை நடக்கிறது" என்ற வேகத்தில் அவன் காணாமற்போயிருந்தான்.

தீர்வு இடத்திலிருந்தே கிடைத்தது. சேகர் எதிர்க் கரையில் ஏறினால் பிக்கப் இக்கரையில் நின்றாக வேண்டும். ராஜன் மட்டும் தண்ணீரில் இறங்குகிறான், ஆள் வண்டியோடு நிற்கிறான். வண்டியின் முகப்பு விளக்குகள் கால்வாய்க்கு மேலாக எதிர்க் கரையில் விழுகின்றன. செம்பனையின் அடர்ந்த மட்டைகளுக்குக் கீழே அந்தி சீக்கிரம் கறுத்துவிடும்; வெளியே பயன்படக்கூடிய வெளிச்சமும் நம் நாட்டில் சூரியன் மறைந்த பிறகு ஏறக்குறைய இருபது நிமிடமே நிற்கும். அதற்குள் ஒரு சண்டையைப் படம்பிடிப்பது நடக்காத காரியம். வண்டி விளக்கொளியில் நடக்கும் சண்டை என்று ஆனதும், துரத்தலை மட்டும் அந்தியில் எடுத்துவிட்டு மற்றதை இரவு முழுவதும் எடுக்கலாம் என்ற வசதி பிறந்தது. தலைப்பு வரியில் "மாலை" என்று பொதுவாக இருந்ததை ஓரிடத்தில் "அந்தி" என்றும் மற்ற இரண்டு இடங்களில் "இரவு" என்றும் பிரித்து எழுதியதற்கு அதுவே காரணம்.

"கடுமையான சண்டை நடக்கிறது" என்ற வரியைக் குறித்து எழுதியவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. அடிக்கு அடி எழுதினால் சண்டைப் பயிற்சியாளரின் வேலையில் தலையிடுவதாகும் என்றார் அவர். அதில் உண்மை உண்டு. எந்தக் கை எந்தக் கன்னத்தில் விழ வேண்டும் என்பதை எழுத்தில் வகுத்தால், நடிகர்களின் உயரத்துக்கும் தரையின் சரிவுக்கும் ஏற்ப அது எப்படியும் மாறிவிடும். ஆனால் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது எந்த இடத்தில் மாறுகிறது, எந்தப் பொருளால் மாறுகிறது என்பது கதை. அதை எழுத்தாளர்தான் எழுத வேண்டும். இந்தச் சண்டையில் அப்படி மாறும் இடங்கள் மூன்று: ராஜன் பின்னாலிருந்து பிடிக்கிறான், சேகரின் கைக்கு ஓர் ஆயுதம் சிக்குகிறது, சேகர் நிறுத்துகிறான். இவற்றை எழுதிவிட்டு இடைவெளியைப் பயிற்சியாளரிடம் விட்டோம்.

இந்த இடத்தில் பெயர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு ஆண்கள் அடித்துக்கொள்ளும் பத்தியில் "அவன் அவனை" என்று எழுதினால் யார் யாரை என்று படிப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். உரைநடையில் ஒரே பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுவது நயமற்றதாகத் தோன்றலாம். இங்கே அது கடமை.

"கையில் கிடைத்ததை வைத்து" என்ற சொற்களுக்குப் பதிலாக ஒரு பொருளை வைத்தாக வேண்டும், ஏனென்றால் கலைப் பிரிவினர் "கிடைத்தது" என்ற ஒன்றைத் தயார் செய்ய முடியாது. குலை வெட்டும் நீளக் கம்பு அரிவாள் எல்லார் மனத்திலும் முதலில் வந்தது. அதை எழுத்தாளரே மறுத்தார். அரிவாளை ஓங்கிய பிறகு கதை கொலையைப் பற்றியதாகிவிடும். பிறகு மட்டையால் அடிக்கிறான் என்று எழுதினார். படித்துப் பார்த்த கூட்டத்தில் தோட்டத்தில் குலை வெட்டும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, முழு மட்டைய ஒருத்தன் தூக்கி வீச முடியாது லா. அடித்துண்டுன்னு எழுதுங்க" என்றார். "முள்ளு இருக்குமே அண்ணே, பிடிக்க முடியுமா?" என்று கேட்டார் எழுதியவர். "பிடிச்சா கை கிழியும். உயிர் போற நேரத்துல எவன் பார்ப்பான்?"

முதிர்ந்த செம்பனை மட்டை ஆறேழு மீட்டர் நீளம் இருக்கும். குலை வெட்டும்போது மட்டையையும் வெட்டித் தள்ளி, சில தோட்டங்களில் துண்டாக்கி, மரவரிசைகளுக்கு நடுவே குவித்து வைப்பார்கள். அடித்துண்டு ஏறக்குறைய ஒரு கை நீளத்துக்கு வெட்டப்பட்டிருந்தால் ஒருவனால் அதைச் சுழற்ற முடியும். அதன் இரு விளிம்பிலும் முள் இருக்கும். பெரியவரின் பதிலால் எங்களுக்கு எதிர்பாராத ஒரு வரியும் கிடைத்தது. "உயிருக்குப் போராடும் சேகர்" என்று முதல் வரைவில் இருந்ததற்கு இணையாக எதை எழுதுவது என்று தேடிக்கொண்டிருந்தோம். முள் குத்துவதைப் பொருட்படுத்தாமல் இறுகப் பிடிக்கும் விரல்களும், விரலிடுக்கில் கசியும் இரத்தமும் அந்த வேலையைச் செய்தன.

கடைசி வாக்கியமே எல்லாவற்றையும்விடக் கடினமானது, ஏனென்றால் காட்சியின் பொருளே அதில் இருக்கிறது. தம்பியின் முகம் கண்ணுக்குள் வருவதை முரளியின் பழைய ஷாட் ஒன்றை இடையில் செருகிக் காட்டலாம். படத்தொகுப்பாளர் அதை எதிர்த்தார். அது கேமராவால் காட்டக் கூடியதே, ஆனால் சண்டையின் ஓட்டத்தை அறுத்து, சேகர் என்ன நினைக்கிறான் என்பதை விளக்கவுரையாகச் சொல்லிவிடும். முகத்தை மனத்துக்குள் வைக்காமல் தரையில் வைக்க முடியுமா என்று யோசித்தபோது, ஈடாகப் போன ஐசி நினைவுக்கு வந்தது. மலேசியாவில் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்க வேண்டும், பதினெட்டில் அதைப் புதுப்பிக்க வேண்டும். முரளிக்கு வயது பதினேழு. ஆகவே அவன் அட்டையில் இன்னும் பன்னிரண்டு வயதுப் படமே இருக்கும். ராஜனின் சட்டைப் பையிலிருந்து அது விழுந்தால், சேகர் காண்பது ஒரு சிறுவனின் முகத்தை. இதற்காகவே ராஜன் தண்ணீரில் இறங்குமுன் சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து ஆளிடம் கொடுக்கிறான். பையில் இன்னும் ஏதோ இருப்பது அப்போதே தெரிந்துவிடுகிறது. திருத்திய வடிவம் இது.

காட்சி 14. வெளி. செம்பனைத் தோட்டம், செம்மண் சாலை. அந்தி.

இரு புறமும் செம்பனை வரிசைகள். பழைய கப்சாய் ஒன்று புழுதி கிளப்பி வருகிறது. ஓட்டுபவன் சேகர். தலையில் ஹெல்மெட்.

அவன் பக்கக் கண்ணாடியில் இரண்டு முகப்பு விளக்குகள். பெரிதாகின்றன.

பிக்கப். ராஜன் ஓட்டுகிறான். வண்டி குழியில் இறங்கி ஏறுகிறது. பக்கத்தில் இருக்கும் ஆள் மேல்பிடியைப் பற்றுகிறான்.

சேகரின் கட்டைவிரல் விளக்கு விசையைத் தள்ளுகிறது. கப்சாயின் முகப்பு விளக்கு அணைகிறது. எஞ்சின் சத்தம் அதே வேகத்தில் தொடர்கிறது.

சேகர் குனிகிறான். அடுத்த நொடி, தாழ்ந்து தொங்கும் மட்டை ஒன்று அவன் தலைக்கு மேலே கடக்கிறது.

கப்சாய் சாலையை விட்டு மரங்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் திரும்புகிறது.

பிக்கப் திருப்பத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. பின்விளக்குகள் சிவக்கின்றன. பின்னோக்கி வருகிறது.

காட்சி 14அ. வெளி. கால்வாய்க் கரை. இரவு.

இரு கரையிலும் சிமெண்டுத் தூண்கள். நடுவே கலங்கிய தண்ணீர்.

மரங்களுக்குள்ளிருந்து கப்சாய் தூண்களை நோக்கி வருகிறது.

சேகர் பிரேக்கைப் பிடிக்கிறான். பின்சக்கரம் மண்ணில் வழுக்கிக் கோடு இழுக்கிறது.

தண்ணீர் தெறிக்கும் சத்தம்.

கால்வாயில் கவிழ்ந்து கிடக்கும் கப்சாய். பின்சக்கரம் சுழல்கிறது. எஞ்சின் நிற்கிறது.

எதிர்க் கரை. சேறு படிந்த கை ஒன்று தூணின் அடியைப் பற்றுகிறது. சேகர் கரையேறுகிறான். தலையில் ஹெல்மெட் இல்லை. ஒரு காலில் மட்டும் காலணி.

பிக்கப் கரையில் வந்து நிற்கிறது. விளக்கொளி எதிர்க் கரை மரங்களில் விழுகிறது. இருவரும் இறங்குகிறார்கள். ஆள் தண்ணீரில் கால் வைக்கிறான். ராஜன் கை நீட்டி அவனைத் தடுக்கிறான். சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து அவனிடம் கொடுக்கிறான். பையின் விளிம்பில் ஓர் அட்டையின் முனை. ராஜன் தண்ணீரில் இறங்குகிறான்.

காட்சி 14ஆ. வெளி. கால்வாயின் எதிர்க் கரை. இரவு.

துண்டாக்கிய மட்டைகளின் குவியல். அதன் பின்னால் சேகர் குந்தியிருக்கிறான். தோள்கள் ஏறி இறங்குகின்றன.

ஒரு கை பின்னாலிருந்து சேகரின் காலரைப் பற்றி இழுக்கிறது. சேகர் மல்லாந்து விழுகிறான். ராஜன் சேகரின் மார்பில் முழங்காலை ஊன்றி, இரு கைகளாலும் கழுத்தை அழுத்துகிறான்.

சேகரின் வெறுங்கால் மண்ணை உதைக்கிறது. உதிரிப் பழங்கள் சிதறுகின்றன.

சேகரின் வலக்கை குவியலைத் துழாவுகிறது. முள் அடர்ந்த ஓர் அடித்துண்டை விரல்கள் சுற்றிப் பிடிக்கின்றன. விரலிடுக்கில் இரத்தம்.

அடித்துண்டு ராஜனின் காதோரத்தில் விழுகிறது. ராஜன் பக்கவாட்டில் சாய்கிறான்.

சேகர் எழுந்து நின்று மறுபடி அடிக்கிறான். ராஜன் முன்கையால் முகத்தை மறைக்கிறான். ராஜனின் பையிலிருந்து அட்டை சேற்றில் விழுகிறது.

சேகர் துண்டைத் தலைக்கு மேல் ஓங்குகிறான்.

விளக்கொளியில் அட்டை. முரளியின் ஐசி. படத்தில் ஒரு சிறுவனின் முகம்.

ஓங்கிய கை நிற்கிறது. பிறகு இறங்குகிறது.

இந்த வடிவத்திலும் வாதத்துக்கு இடமுள்ள வரிகள் உண்டு. "தலையில் ஹெல்மெட் இல்லை" என்பது எதிர்மறைதான். ஆனால் முந்தைய ஷாட்டில் ஹெல்மெட்டைப் பார்த்திருப்பதால் அதன் இல்லாமை கண்ணுக்குப் புலப்படுகிறது, அதனால் அதை விட்டுவைத்தோம். பாலத்தின் இல்லாமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். "முரளியின் ஐசி" என்பதைக் கேமரா எப்படிச் சொல்லும் என்று கேட்கலாம். ஒன்பதாம் காட்சியில் ராஜன் அதே அட்டையை முரளியிடமிருந்து வாங்கி அதே பையில் போடுகிறான். அட்டையில் பெயரும் அச்சாகியிருக்கும். எழுதியவர் முதலில் "பன்னிரண்டு வயது முகம்" என்று எழுதியதை நான் "ஒரு சிறுவனின் முகம்" என்று மாற்றினேன், ஏனெனில் வயது எண் கணக்கு, முகமே காட்சி. தண்ணீர் தெறிக்கும் சத்தம் கேமராவுக்கு உரியதல்ல என்று குழுவில் ஒருவர் சொன்னார். திரையில் கேட்பதும் பார்வையாளரைச் சேரும் நேரடிச் செய்தியே. ஈரமண்ணின் வாசனையை எழுதினால்தான் தவறு. அந்தச் சத்தம் வேறொரு வகையிலும் அவசியமானது. மோட்டார் தண்ணீரில் விழுவதை யாரும் உண்மையில் ஓட்டிக் காட்டத் தேவையில்லை: பிரேக் பிடிப்பது ஒரு ஷாட், கிடக்கும் வண்டி இன்னொரு ஷாட், நடுவில் சத்தம். சண்டைப் பயிற்சியாளர் ஓர் ஆபத்தான நாளைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட முடிந்தது.

வரிகளை இடைவெளி விட்டுப் பிரித்ததும் திட்டமிட்டே செய்தது. "குளோசப்", "பேன்" போன்ற கேமராக் கட்டளைகள் ஒன்றுகூட இதில் இல்லை, ஆனால் விரல்கள் ஒரு தனிப் பத்தியில் வந்தால் ஒளிப்பதிவாளர் விரல்களுக்கு அருகில் போவார். ஓங்கிய கை நிற்பதற்குத் தனிப் பத்தி கொடுத்தால் அதற்குத் தனி நேரம் கிடைக்கும். கட்டளையிடாமல் பார்வையை நடத்துவதற்கு எழுத்தாளரிடம் இருக்கும் கருவி இந்த வெற்றிடமே.

திருத்திய பிரதியை உதவி இயக்குநரும் சண்டைப் பயிற்சியாளரும் தனித்தனியே படித்து நேரம் குறித்தபோது, இருவரும் இரண்டரை நிமிடத்துக்கு அருகில் வந்தார்கள். பக்க அளவில் காட்சி முன்பைவிட இரு மடங்குக்கும் மேல் நீண்டிருந்தது, எழுதியவருக்கு அது பிடிக்கவில்லை. நான் சுருக்கச் சம்மதித்த இடம் துரத்தலில் மேல்பிடியைப் பற்றும் ஆளின் வரி மட்டுமே. அதையும் ஒளிப்பதிவாளர் காப்பாற்றிவிட்டார். பின்னால் ராஜன் தடுத்து நிறுத்தும் அந்த ஆளைப் பார்வையாளர் ஒருமுறையாவது முகத்தோடு பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

கலைப் பிரிவுக்குப் போன பட்டியலில் விளக்கு விசை வேலை செய்யும் கப்சாய், முள்ளுக்குப் பதில் மெத்தென்ற ரப்பர் முள் பொருத்திய அடித்துண்டு, சிறுவயதுப் படத்தோடு ஒரு போலி அட்டை ஆகியவை சேர்ந்தன. அந்த அட்டை உண்மை அட்டையைப் போல் அப்படியே இருக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் கவனமாக இருந்தார். எழுத்துகளும் சின்னங்களும் மாற்றப்பட்டன, படமும் பெயரும் மட்டும் தெளிவாகத் தெரியும்படி வைக்கப்பட்டது. தொடர்ச்சி பார்ப்பவரின் குறிப்பில், பதினைந்தாம் காட்சி முதல் சேகரின் வலது உள்ளங்கையில் துணிக்கட்டு என்று ஒரு வரி ஏறியது. பதினாறாம் காட்சியில் அவன் அதே கையால் முரளிக்குக் கோப்பி ஆற்றிக் கொடுப்பதாக எழுதப்பட்டிருந்தது. அது இடக்கை என்று மாற்றப்பட்டது.